ஒரே ப்ராம்ப்டில் மூன்று தம்ப்நெயில்: நண்டு வலைக் காணொளியை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று இராமநாதபுரம் கடற்கரை நெடுகக் கடல் தொழிலைக் கைபேசியில் படமெடுத்து யூடியூபில் போடுகிறவர்கள் காணொளியின் முகப்புப் படமான தம்ப்நெயிலைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. படம் வரையும் ஏஐ மாடலுக்கு எழுதும் ஒரே ப்ராம்ப்டிலிருந்து மூன்று அமைப்புகளில் தம்ப்நெயில் எடுத்து, எது முந்துகிறது என்று ஒப்பிடுவதே பொருள். எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான்: தேவிபட்டினம் பக்கம் நாட்டுப்படகில் விடியற்காலையில் நண்டு வலை எடுப்பதைக் காட்டும் ஒரு காணொளி.

ஒரே ப்ராம்ப்டிலிருந்துதான் எடுக்க வேண்டுமா? மூன்று ப்ராம்ப்ட் தனித்தனியாக எழுதினால் என்ன?

தனித்தனியாக எழுதினால் மூன்று நல்ல படங்கள் கிடைக்கலாம். ஆனால் அவற்றுள் ஒன்று முந்தும்போது எதனால் முந்தியது என்று சொல்ல முடியாது. முதல் படத்தில் காலை வெயில், இரண்டாவதில் மேகமூட்டம், மூன்றாவதில் ஆள் சிரிக்கிறார் என்றால், வென்றது நண்டை வைத்த இடமா, வெளிச்சமா, சிரிப்பா என்பது தெரியாமலே போய்விடும். வெளிச்சம், ஆள், சட்டை, நண்டு, கடல் ஆகிய எல்லாம் ஒன்றாக இருந்து, எது எங்கே எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்பது மட்டும் மாறினால்தான் கிடைக்கும் விடை அடுத்த காணொளிக்கும் உதவும். அடிப்படை ப்ராம்ப்ட் என்று ஒன்றை வைத்துக்கொள்வதன் பயன் அவ்வளவே.

அந்த அடிப்படை ப்ராம்ப்டை எப்படி எழுதுவது?

மாறாத பகுதி, மாறும் பகுதி என இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். கீழே முதல் இரண்டு வரிகள் மாறாதவை. மூன்றாவது வரி மட்டும் அமைப்பைச் சொல்கிறது.

```
photo of a live blue swimming crab and a fisherman in a dark red shirt,
small wooden boat, early morning sea, soft natural light,
crab large on the right with man on the left
```

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்களில் சொற்களைப் படிக்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலப் பட விளக்கங்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது. அதனிடம் தமிழில் கேட்டால் தொடர்பில்லாத படம் வந்து நிற்கும். புதிய சில சேவைகள் தமிழையும் புரிந்துகொள்கின்றன என்றாலும், அவற்றில் பல நாம் எழுதியதை உள்ளே தாமாகவே மாற்றி விரித்து எழுதிக்கொள்வதால், மாறாத பகுதி உண்மையிலேயே மாறாமல் இருந்ததா என்பதை உறுதி செய்ய இயலாது.

சட்டை சிவப்பு என்று எழுதியதும் வேண்டுமென்றேதான். நண்டும் நீலம், கடலும் நீலம். சட்டையும் நீலமாக இருந்தால் சிறிய திரையில் மூன்றும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். மாறாத பகுதியில் மூன்று அமைப்புகளில் எதற்கும் முரணான சொல் இருக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். அங்கே "நண்டைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார்" என்று எழுதிவிட்டு, மாறும் பகுதியில் "வலை மேல் கிடக்கும் நண்டு, மேலிருந்து பார்வை" என்று கேட்டால், மாடல் இரண்டையும் பாதிப் பாதியாக நிறைவேற்றி ஒரு குழப்பத்தைத் தரும். முகம் வேண்டாம் என்பதையும் ப்ராம்ப்டிலேயே `no face` என்று எழுதாதீர்கள். பெயரைச் சொன்னாலே அதை வரைந்துவிடுவது இம்மாடல்களின் வழக்கம். அப்படிப்பட்டவற்றுக்கு நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டி தனியாக இருக்கிறது.

மூன்று அமைப்புகளையும் ஒரே ஓட்டத்தில் எடுக்க முடியுமா?

முடியும். ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் ஆட்டோமேட்டிக்1111 இடைமுகத்தின் அடியில் ஸ்கிரிப்ட் பட்டியல் இருக்கும். அதில் `X/Y/Z plot` என்பதைத் தேர்ந்து, X வகையாக `Prompt S/R` என்பதையும் Y வகையாக `Seed` என்பதையும் வையுங்கள். X பெட்டியில் இடவேண்டியது இது:

```
crab large on the right with man on the left,crab filling the centre with man small behind,seen from directly above with crab on the net and only hands visible
```

காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இந்த மூன்றில் முதலாவதுதான் ப்ராம்ப்டில் தேடப்படும் தொடர். மற்ற இரண்டும் அதன் இடத்தில் மாற்றி வைக்கப்படுபவை. ஆகவே முதலாவது, ப்ராம்ப்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அதற்கு மாற்றம் எதுவும் செய்யாமலே முதல் படம் வரையப்படுவதால், ப்ராம்ப்டில் `LAYOUT` என்று வெறும் அடையாளச் சொல்லை வைத்தால் ஒரு வரிசை முழுவதும் பொருளற்ற படங்களாக வீணாகும். ஒவ்வொரு தொடருக்குள்ளும் காற்புள்ளி வராமல் எழுதியிருப்பதையும் கவனியுங்கள். வந்தால் அத்தொடரை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டியிருக்கும்.

Y பெட்டியில் நான்கு சீடு எண்களை, அதாவது படம் எந்தத் தற்செயல் தொடக்கத்திலிருந்து வரையப்பட வேண்டும் என்று குறிக்கும் எண்களை, காற்புள்ளியிட்டுக் கொடுங்கள். எந்த எண்களாக இருந்தாலும் சரி. மூன்று அமைப்பும் நான்கு சீடும் சேர்ந்து பன்னிரண்டு படங்கள் ஒரே கட்டமாக வரும். அமைப்புக்கு ஒரு படம் மட்டும் எடுத்து ஒப்பிட்டால், தற்செயலாக நன்றாக விழுந்த படத்தையும் தற்செயலாகக் கெட்ட படத்தையும் ஒப்பிட்டவராவீர்கள். நான்கில் மூன்றிலாவது கேட்ட அமைப்பு தெளிவாக வந்திருந்தால்தான் அந்தத் தொடர் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் மாடலாக இருந்தால் அளவை 1344 × 768 என வைத்து, பிறகு மேலும் கீழும் சிறிது வெட்டி 1280 × 720 ஆகச் சுருக்கிக்கொள்ளுங்கள். மிட்ஜர்னியில் இதே வேலைக்கு நெளிவு அடைப்புக்குறிக்குள் மாற்றுத் தொடர்களைக் காற்புள்ளியிட்டு எழுதி, இறுதியில் `--ar 16:9` சேர்க்க வேண்டும். இரண்டும் இல்லாத சேவையில் மூன்றாவது வரியைக் கையால் மாற்றி மூன்று முறை ஓட்டினாலும் குறைவில்லை.

சீடு எண்ணும் ஒன்று, ப்ராம்ப்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் ஆளின் முகம் மாறிவிடுகிறதே?

சீடு எண் நிலைநிறுத்துவது படம் உருவாகத் தொடங்கும் முன் இருக்கும் புள்ளி இரைச்சலை மட்டுமே. அந்த இரைச்சலிலிருந்து எது உருத்திரள வேண்டும் என்பதை ப்ராம்ப்ட் முழுவதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. முதல் சில படிகளிலேயே பெரிய வடிவங்கள் நிலைபெற்றுவிடுகின்றன. முகத்தின் நுணுக்கம் பின்னால் வருகிறது. சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றினால் ஏறக்குறைய அதே ஆள் மிஞ்சுவார். ஆனால் நண்டை வலத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னால் பெரிய வடிவங்களே மாறுகின்றன. அவற்றின் மேல் எழும் முகம் வேறொருவருடையதாகிவிடும்.

ஆகவே, ஆளையும் நண்டையும் மாடலிடம் கேட்காமல் இருப்பதே சிறந்தது என்பது என் கருத்து. மேற்சொன்ன பன்னிரண்டு படங்களை வரைவாக மட்டும் கொள்ளுங்கள். எந்த மூன்று அமைப்புகள் சோதிக்கத் தகுந்தவை என்று அவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். பிறகு படகில் எடுத்த உங்கள் சொந்தப் படத்திலிருந்து ஆளையும் நண்டையும் பின்னணி நீக்கித் தனித்தனி அடுக்குகளாக எடுத்துவையுங்கள். மாடலிடம் ஆளில்லாத விடியற்காலைக் கடலும் படகின் விளிம்பும் மட்டும் கேட்டு வாங்கி, அந்த ஒரே பின்னணியின் மேல் அதே ஆளையும் அதே நண்டையும் அமைப்புக்கு ஏற்றபடி நகர்த்தி வையுங்கள். மேலிருந்து பார்க்கும் அமைப்புக்கு மட்டும் கோணம் மாறுவதால் வேறு படம் தேவைப்படும்; வலை எடுக்கும்போதே நேர்மேலிருந்தும் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைப் பின்னணி ப்ராம்ப்டில் சொல்லிவிட வேண்டும். ஆளின் நிழல் ஒரு பக்கமும் படகின் நிழல் மறுபக்கமும் விழுந்தால், காரணம் புரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு அது ஒட்டுவேலை என்று தோன்றிவிடும்.

வரைந்து வரும் நண்டு நம் ஊர் நண்டு மாதிரியே இல்லை. சரிசெய்ய முடியுமா?

இந்தக் குறை பலருக்கும் வருகிறது. `crab` என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் சிவந்த நண்டு வரும். பாக் நீரிணைப் பக்கம் வலையில் ஏறும் நீல நண்டு அவித்த பிறகுதான் சிவக்கும். படகில் உயிரோடு இருக்கும் நண்டைச் சிவப்பாகக் காட்டினால், கடற்கரைக்காரர் முதல் கருத்திலேயே கேலி செய்வார். ஆண் நண்டு நீலத்தில் வெள்ளைத் திட்டுகளோடும் நீண்ட கொடுக்குகளோடும் இருக்கும். பெண் நண்டு பசுமை கலந்த பழுப்பு. ஓட்டின் இரு பக்கமும் நீண்ட முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கடைசி இணைக் கால்கள் நீந்துவதற்கேற்பத் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். மாடல் அந்தக் கடைசிக் கால்களைக் கூராக வரைந்துவிடுகிறது. கொடுக்குகளோடு சேர்த்து ஐந்து இணை இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இணையும் வருகிறது, நான்கு இணையும் வருகிறது. கால்களை எண்ணிப் பார்க்காமல் எந்தப் படத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் சொல்லில் விவரித்துத் திருத்துவதைவிட, உங்கள் நண்டின் படத்தையே கொடுத்து `img2img` முறையில் `Denoising strength` மதிப்பை 0.3 அளவில் வைத்து மெருகேற்றுவது எளிது. மதிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் நம் நண்டு மறைந்து மாடலின் நண்டு திரும்பிவிடும். படகுக்கும் இதே கதைதான்: நாட்டுப்படகு என்று கேட்டால் பாய்மர உல்லாசப் படகோ கேரளத்து வள்ளமோ வந்து நிற்கும். பாம்பன் பாலம் பின்னணியில் தேவை என்றால் மாடலைக் கேட்கவே வேண்டாம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் இரு கைகளாகத் திறக்கும் தூக்கையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் செங்குத்தாக மேலே எழும் பகுதியையும் கலந்து இல்லாத ஒரு பாலத்தைக் கட்டிவிடக்கூடும். பாலத்தை நேரில் போய்ப் படமெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு?

தமிழ் எழுத்தையும் ப்ராம்ப்டிலேயே கேட்டுவிடலாமா?

வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்துப் போலத் தெரியும் கிறுக்கலே பெரும்பாலும் கிடைக்கும். சரியாக வந்தாலும் மூன்று படங்களிலும் ஒரே வடிவில் வராது. கேன்வா, ஜிம்ப் போன்ற ஒன்றில் பின்னர் எழுதுங்கள். மூன்றிலும் அதே சொற்கள், அதே எழுத்துரு, அதே அளவு, அதே நிறம். வலது கீழ் மூலையில் காணொளியின் நேர அளவு கருப்புப் பட்டையாக வந்து உட்காரும். அங்கே எழுத்தும் நண்டின் கொடுக்கும் வரக் கூடாது.

பதிவேற்றும் முன்பே எது கண்ணில் படுகிறது என்று பார்க்க வழி உண்டா?

முழுத் திரையில் பார்த்து முடிவு செய்யாமல் இருப்பதே முதல் படி. மூன்றையும் ஏறக்குறைய 170 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். பரிந்துரைப் பட்டியல்களில் அவை சிறிதாகவே தெரியக்கூடும். நம் எடுத்துக்காட்டில் மூன்று அமைப்புகளும் இங்கே வெவ்வேறு விதமாகத் தடுமாறும். மேலிருந்து எடுத்த படம் பெரிய திரையில் மிக அழகாக இருக்கும். சுருக்கியதும் வலையின் கண்ணிகளும் நண்டின் கால்களும் ஒன்றாகச் சிக்கி, ஏதோ சாம்பல் நிறக் குவியலாகத் தெரியும். நண்டு நடுவை நிறைக்கும் படத்தில் பின்னால் நிற்கும் ஆள் ஒரு சிவப்புப் புள்ளியாகச் சுருங்கிவிடுவார். ஆனால் நண்டின் உருவம் கெடாது. ஆள் இடமும் நண்டு வலமுமான படத்தில் இரண்டும் தெரியும். நண்டு தலையைவிடப் பெரிதாகிவிட்டால் மட்டும் அது பொய்யாகத் தோன்றும்.

அடுத்து, மூன்றையும் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நண்டும் கடலும் ஒரே சாம்பல் நிறமாக வந்தால், வண்ணத்தில் பார்க்கும்போது இருந்த வேறுபாடு வெயிலில் கைபேசியைப் பிடித்திருப்பவருக்குக் கிட்டாது. அந்நிலையில் பின்னணிக் கடலை வெளுப்பாக்க வேண்டும். அதுவும் மூன்றிலும் ஒரே அளவாக.

மூன்றாவது சோதனை ஆட்களிடம். நண்டுக் காணொளிகள் ஒன்பது பத்து இருக்கும் தேடல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றில் உங்கள் படத்தை ஒட்டி, ஒரு நொடி காட்டிவிட்டுத் திரையை மறைத்து, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டால் உங்கள் மனம் நோகாத பதில்தான் வரும். ஒருவருக்கு ஓர் அமைப்பை மட்டுமே காட்ட வேண்டும். இரண்டாவதைக் காட்டும்போது அவர் கண் எங்கே போகவேண்டும் என்று முன்பே அறிந்திருக்கும். கடல் தொழில் செய்யாதவர்களிடமும் கேளுங்கள், ஏனெனில் தொழில் செய்பவர் எந்த மூலையில் வைத்தாலும் நண்டைக் கண்டுபிடித்துவிடுவார். கண் எங்கே போகும் என்று வெப்பவரைபடம் போட்டுத் தரும் மென்பொருள்கள் முகத்தையும் எழுத்தையும் எப்போதும் சிவப்பாகக் காட்டக்கூடியவை. அவற்றை நான் இதற்கு நம்புவதில்லை.

யூடியூபிலேயே ஒப்பிடும் வசதி இருக்கிறதாமே?

இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் அது `Test & compare` என்ற பெயரில் அறிமுகமானது. ஒரு காணொளிக்கு மூன்று தம்ப்நெயில் வரை ஏற்றலாம். பார்வையாளர்களைப் பிரித்து மூன்றையும் ஒரே காலத்தில் காட்டி, முடிவைச் சொல்ல இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். ஷார்ட்ஸுக்குப் பொருந்தாது. மூன்றில் ஏதேனும் ஒன்று 720 பிக்சல் உயரத்துக்குக் குறைந்திருந்தால் எல்லாவற்றையும் தரம் தாழ்த்திவிடும் என்பதால், மூன்றையும் 1280 × 720 ஆகவே ஏற்றுங்கள். சோதனை நடக்கும்போது தலைப்பில் கை வைக்காதீர்கள். அது அளப்பது கிளிக்கை அன்று, ஒவ்வொரு தம்ப்நெயில் வழியாகவும் வந்த பார்வை நேரத்தின் பங்கை.

ஒரு படத்துக்கு 5 சதவீதம் கிளிக், இன்னொன்றுக்கு 6 சதவீதம். ஆறுதானே வென்றது?

எத்தனை தடவை காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொன்றும் 1,000 தடவை காட்டப்பட்டிருந்தால் கிளிக்குகள் 50, 60. இவ்வகை எண்ணிக்கைகளின் வித்தியாசம் தற்செயலாகவே எவ்வளவு ஆடும் என்பதைத் தோராயமாக அறிய, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் போதும்: √110, அதாவது ஏறக்குறைய 10. நமக்குக் கிடைத்த வித்தியாசமும் 10-தான். ஒரே படத்தை இரண்டு தடவை சோதித்திருந்தாலும் இந்த அளவு வித்தியாசம் எளிதில் வந்திருக்கும். ஆகவே எதுவும் வெல்லவில்லை.

4,000 தடவை காட்டப்பட்டு 200, 240 என்று வந்தால் வித்தியாசம் 40, ஆட்டம் 21. ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் சாய்வு தெரிகிறது எனலாம். 10,000 தடவையில் 500, 600 என்றால் வித்தியாசம் 100, ஆட்டம் 33. மூன்று மடங்கு என்பதால் தயங்காமல் ஏற்கலாம். சிறிய சேனலில் இந்த எண்ணிக்கைகள் எட்டவே எட்டாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் எழுத்தைச் சிறிது நகர்த்துவது போன்ற நுண்ணிய வேறுபாடுகளைச் சோதித்துப் பயனில்லை. முகம் உண்டு, முகம் இல்லை என்பது போலப் பளிச்சென்று வேறுபடும் இரண்டு அமைப்புகளை மட்டும் எடுத்து, அதே இணையைப் பல காணொளிகளில் சோதித்து எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யூடியூபின் அந்த ஒப்பிடும் வசதி எனக்கு வரவில்லை. வாரத்துக்கு ஒன்றாகத் தம்ப்நெயிலை மாற்றிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் வாரங்கள் ஒன்று போல இருப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் மீன்பிடிக் காணொளிகளைத் தேடுவோரும் தேடும் நோக்கமும் மாறுகின்றன. ஆடி அமாவாசையை ஒட்டி இராமேசுவரத்தைப் பற்றிய எதற்கும் பார்வை கூடும். அந்த வாரத்தில் மாட்டிவைத்த தம்ப்நெயில் காரணமே இல்லாமல் வென்றதாகத் தெரியும். புதிய காணொளியில் முதல் சில நாள் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் சந்தாதாரர்கள், பின்னால் வருபவர்கள் அந்நியர்கள் என்பதால், முதலில் போட்ட படத்துக்கு அதுவும் ஒரு சாதகம். வேறு வழியில்லை என்றால் வந்து சில மாதம் ஆன, பார்வை சீராக ஓடும் பழைய காணொளியில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கிளிக் அதிகம் வந்த படம், பார்வை நேரத்தில் தோற்றுவிட்டது. இது எப்படி?

படம் காட்டியதைக் காணொளி தரவில்லை என்பதே வழக்கமான காரணம். படகு நிறைய நண்டைக் குவித்துக் காட்டும்படி மாடலிடம் கேட்பது எளிது. காணொளியில் அன்றைக்கு வலையில் ஏறியது சிறு கூடை என்றால், வந்தவர் முதல் நிமிடத்திலேயே போய்விடுவார். இல்லாததை இருப்பதாகக் காட்டும் தம்ப்நெயிலுக்கு யூடியூபின் விதிகளிலும் தடை உண்டு. அமைப்பை மட்டும் சோதிக்கிறோம் என்றால் நண்டின் எண்ணிக்கையும் அளவும் மூன்று படங்களிலும் காணொளியில் உள்ளதாகவே இருக்க வேண்டும்.

வென்ற அமைப்பை இனி எல்லாக் காணொளிக்கும் வைத்துக்கொள்ளலாமா?

நண்டு, கணவாய், சங்கு போல உள்ளங்கையில் அடங்கும் பொருள் மையமாக உள்ள காணொளிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். தனுஷ்கோடி மணல் திட்டையோ பாம்பன் பாலத்தையோ பற்றிய காணொளியில் பார்ப்பவர் தேடுவது விரிவை. அங்கே பொருளைப் பெரிதாக்கும் அமைப்பு எதைக் காட்டுகிறது என்பதே தெரியாமல் போகும். அதற்குத் தனியாக ஓர் அடிப்படை ப்ராம்ப்ட் எழுதி, அடிவானம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மாறும் பகுதியாக வைத்துச் சோதியுங்கள்.